அவளுக்காக எழுதிய நன்றிக் கடிதம்

என் மனிசனின் கண்கள் மஞ்சளாகியிருந்ததை ஒரு திங்கட்கிழமை விடியத்தான் கண்டேன். தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. நாலு நாளாகக் காய்ச்சல். கெண்டைக்கால் கடுக்குது, கடுக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாரி மழைக்குள் வட்டையில், வயல் சேற்றுக்குள், இறங்கி நின்று வேலை செய்த வலி என்று இரண்டு பேருமே எண்ணியிருந்தோம்.

"சலம் போனீங்களா?" என்று கேட்டேன்.

"நேத்து மத்தியானத்துக்குப் பிறகு வரல்ல" என்றார்.

கோப்பையைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு அம்புலன்சுக்கு அழைத்தேன்.

நான் ஒரு குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் மிட்வைஃப் என்பார்கள், வயதானவர்கள் மிஸி என்பார்கள். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், வயலும் குளமுமாகக் கிடக்கிற ஐந்து கிராமங்கள் என் பொறுப்பு. கர்ப்பிணித் தாய்மாரை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்று வந்தவர்களைப் பார்க்க வேண்டும். கிளினிக், தடுப்பூசி, குழந்தைகளுக்கு நிறை பார்ப்பது, மாதமுடிவில் அறிக்கை. வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்கக் குளிசை கொடுப்பதும் எங்கள் சுகாதாரக் கந்தோரின் வேலைதான். அந்தக் குளிசையைப் போடச் சொல்லி வாசல் வாசலாக நின்று கத்தியவள் நான். என் மனிசனுக்கு எடுத்துவந்த அட்டை பிரிக்கப்படாமல் அலுமாரித் தட்டில் கிடந்தது. அம்புலன்ஸ் வரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மட்டக்களப்பு ஆசுபத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். சிறுநீரகம் வேலை செய்யவில்லை, இரத்தத்தை மெசினில் சுத்திகரிக்க வேண்டியிருக்கும் என்று டொக்டர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். பிறகுதான் அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை என்பது ஞாபகம் வந்தது. மேற்பார்வை மிஸ்ஸுக்கு அழைத்து விசயத்தைச் சொன்னேன்.

"நீங்க அங்கயே நில்லுங்க. பக்கத்துப் பிரிவுப் புள்ளய உங்கட ஏரியாவப் பாக்கச் சொல்லுறன்" என்றார்.

பக்கத்துப் பிரிவுப் பிள்ளை என்றதும் எனக்குச் சங்கடமாக இருந்தது. அவள் என்னைவிட ஆறேழு வயது இளையவள். பெரியகல்லாற்றுக்காரி. நியமனம் கிடைத்து எங்கள் பக்கம் வந்து குவாட்டர்ஸில் தனியே இருந்தாள். இரண்டு வருசத்துக்கு முன்பு ஒரு மாதாந்தக் கூட்டத்தில், அவளுடைய பதிவேட்டில் ஒரு குழந்தையின் ஊசித் திகதி மாறிக் கிடந்ததை எல்லாருக்கும் முன்னால் எடுத்துச் சொன்னது நான். தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவள் முகம் சிவந்துபோனதை நான் கவனித்தும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான்.

கால்மணித்தியாலத்தில் அவளே அழைத்தாள். வாட்டு வாசலில், ஆட்கள் போய்வருகிற இடத்தில், சுவரோடு ஒட்டி நின்று எடுத்தேன்.

"அண்ணன் எப்படி?"

சொன்னேன்.

"சரி. நீங்க யோசிக்காதீங்க. முதல்ல ஆரப் பாக்கணும், அத மட்டும் சொல்லுங்கக்கா."

புத்தகம் கையில் இல்லாமல் ஞாபகத்திலிருந்து சொன்னேன். குளக்கட்டுக்கு அங்கால் ஒருத்திக்கு இந்தக் கிழமை நாள். இன்னொருத்தி பிள்ளையோடு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவள், ஐந்து நாளைக்குள் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை கிளினிக். பதிவேடுகள் என் வீட்டு மேசையில், கதவுத் திறப்பு பக்கத்து வீட்டில்.

"மறுகா?"

"தாம்போதிக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ள. முதல் கர்ப்பம், முப்பத்திநாலு கிழமை. போன முறை பாக்கக்குள்ள முகம் கொஞ்சம் அதைச்சிருந்தது."

"பிறசர் எவ்வளவு?"

உள்ளே யாரோ என் மனிசனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"சரியாத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

அது பொய். அந்தப் பிள்ளையின் பிறசரை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு என் மனிசனுக்குக் காய்ச்சல் தொடங்கிய நாள். பிறசர் மெசினை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தேன். சலத்தையும் சோதிக்கவில்லை. அடுத்த கிழமை சேர்த்துப் பார்ப்போம் என்று எண்ணி, முகவீக்கத்தை மட்டும் எழுதிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன். இருபத்தொரு வருச வேலையில் நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தரம் என்று சொல்ல ஆசை. உறுதியாகச் சொல்ல முடியாது.

அடுத்த நாட்கள் எல்லாம் ஆசுபத்திரியோடு போயின. ஒருநாள் விட்டு ஒருநாள் மெசினில் போட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் போத்தலில் எவ்வளவு சலம் சேர்கிறது என்பதுதான் என் உலகமாக இருந்தது. அவளிடமிருந்து ஒவ்வொரு பின்னேரமும் குரல்செய்தி வரும். அரை நிமிசம்கூட இருக்காது. "குளக்கட்டுப் புள்ளைக்கு நோவு வந்திட்டு, ஏத்தியாச்சு." "சிசு வீட்டுக்குப் போனன். தொப்புள் காஞ்சிருக்கு. பால் குடிக்குது." "தாம்போதியால தண்ணி பாயுது, இன்டைக்குக் கடக்க ஏலாது. போன் பண்ணிக் கேட்டன், சுகமா இருக்கன் எண்டவ." அது புதன்கிழமை வந்த செய்தி. மாரியில் தண்ணி மேலால் பாயும் தாழ்வான பாலம்தான் எங்கள் தாம்போதி. பிறசர் பார்க்கவில்லை என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். விரல் திரையில் இருந்தது. அழுத்தவில்லை. என்னத்தைச் சொல்லி, எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே போனைப் பைக்குள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து செய்தி வரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. நான் இரண்டு தரம் அழைத்தேன், எடுக்கவில்லை. ஞாயிறு காலை ஒரு வரி எழுத்தில் வந்தது: "தாம்போதிப் புள்ளய ஆசுபத்திரியில சேத்திருக்கு. தாயும் புள்ளயும் பிழைச்சிட்டாங்க. நீங்க அண்ணனப் பாருங்க."

பிழைச்சிட்டாங்க என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்தப் பிள்ளை அதே ஆசுபத்திரியில், இரண்டு கட்டடம் தள்ளித்தான் கிடந்திருக்கிறாள். எழும்பிப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் என் மனிசனை வீட்டுக்கு விட்டார்கள். மெலிந்து, கன்னம் ஒட்டி, ஆனால் நடந்து வந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அடுத்த நாள் வேலைக்குப் போக ஆயத்தமானேன். மேசையில் என் பதிவேடுகள் இருந்தபடியே அடுக்கியிருந்தன. மேலே ஒரு அப்பியாசக் கொப்பி. அதற்குள் நாள்வாரியாக எழுதியிருந்தாள். யாரைப் பார்த்தாள், என்ன கண்டாள், நான் வந்து என்ன செய்ய வேண்டும். கிளினிக்கில் இரண்டு பிள்ளைகளுக்கு ஊசி போடவில்லை, காய்ச்சல், அடுத்த முறைக்குச் சொல்லியிருக்கிறது. ஒரு தாய்க்கு இரும்புச்சத்துக் குளிசை ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னேன், கேட்டுப்பாருங்க. என் மாத அறிக்கையையும் நிரப்பி, அனுப்பி, பிரதியை மடித்து உள்ளே வைத்திருந்தாள்.

தாம்போதிப் பிள்ளையின் பதிவைத் தேடி எடுத்தேன். கடைசி வரிக்கு மேலே என் கையெழுத்து. திகதி, "முகம் லேசான வீக்கம்". பிறசர் கட்டம் வெறுமை. சலத்தின் கட்டம் வெறுமை. அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து, வெள்ளிக்கிழமை காலை எட்டே காலுக்கு: பிறசர் 170/110. சலத்தில் அல்புமின் மூன்று பிளஸ். தலையிடி, கண்ணுக்குள் மின்னுது என்கிறாள். உடனே அனுப்பப்பட்டது.

அவள் என் வெற்றுக் கட்டத்தை நிரப்பவும் இல்லை, அதைச் சுற்றி ஒரு கோடு போடவும் இல்லை. அப்படியே விட்டிருந்தாள்.

அன்று பின்னேரம் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கிக்கொண்டு அவளுடைய குவாட்டர்ஸுக்குப் போனேன். அவள் கொடியில் சீருடை காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச வாங்கக்கா. தயிர உள்ள வைங்க."

வைத்துவிட்டு வந்து நின்றேன். "நீ செஞ்ச உதவிக்கு எப்படி நன்றி சொல்லுறதெண்டே தெரியல்ல" என்றேன்.

"எதுக்கு நன்றி?"

"எல்லாத்துக்கும்தான்."

அவள் ஈரச் சீலையை உதறினாள். "எல்லாத்துக்கும் எண்டு சொன்னா நான் என்னத்த எடுத்துக்கொள்ளுறது? பிறசர் சரியா இருந்தது எண்டு சொன்னீங்களே அக்கா. பாத்தீங்களா?"

"இல்ல" என்றேன்.

அவள் அடுத்த துணியை எடுத்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள், என்னைப் பார்க்காமல், துணியைக் கொடியில் இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டு. வியாழக்கிழமை கிளினிக் முடித்து என் பதிவேட்டில் எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த வெற்றுக் கட்டத்தைக் கண்டிருக்கிறாள். போனில் சுகம் என்று சொன்ன பேச்சை அதற்குப் பிறகு நம்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவளுடைய பிரிவில் குழந்தைகளுக்கு நிறை பார்க்கும் நாள், ஒன்பது மணிக்கு. அதற்கு முன்னம் போய் வந்துவிடலாம் என்று வெள்ளெனப் புறப்பட்டிருக்கிறாள். தாம்போதிக்கு மேலால் தண்ணி முழங்காலளவு. ஸ்கூட்டியை இந்தப் பக்கம் விட்டுவிட்டு ஒரு உழவு மெசினில் ஏறிக் கடந்திருக்கிறாள். பிறசரைப் பார்த்ததும் அம்புலன்சுக்கு அழைத்திருக்கிறாள். அது தண்ணியின் இந்தக் கரை மட்டும்தான் வர முடிந்தது. அதே உழவு மெசின் பெட்டியில் பாயும் தலையணையும் போட்டு, அந்தப் பிள்ளையை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"தண்ணிக்கு நடுவுல வலிப்பு வந்தா என்ன செய்யிற எண்டு எனக்குத் தெரியல்லக்கா. அவட கையப் பிடிச்சுக்கொண்டு பேசிக்கொண்டே வந்தன். என்ன பேசின எண்டு கேட்டா இப்ப ஒண்டும் ஞாபகம் இல்ல. அம்புலன்சிலயும் விட்டுட்டு வர மனம் வரல்ல. கூடப் போனன்."

அன்றே சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். ஒரு கிலோ தொள்ளாயிரம். தாய் இரண்டு நாள் கண்காணிப்பில்.

"உன்ட நிறை பாக்குற நாள்?"

"அது போச்சு" என்றாள். "நீங்க போங்கக்கா. அண்ணன் தனியா இருப்பார். உங்களோட கோவம் இல்ல எண்டு சொல்ல மாட்டன். இருக்கு. ஆனா அண்ணன் மெசினில கிடக்கக்குள்ள உங்களுக்கு மேல இன்னொண்டப் போட எனக்கு மனம் வரல்ல. கந்தோரில நான் ஒண்டும் சொல்லல்ல."

ஒன்றும் சொல்லவில்லை என்றதன் அர்த்தம் அடுத்த நாள் கந்தோரில்தான் விளங்கியது. வெள்ளிக்கிழமை அவளுடைய பாலர் பாடசாலை மண்டபத்தில் இருபதுக்கு மேற்பட்ட தாய்மார் பதினொரு மணிவரை காத்திருந்து திரும்பியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளோடு மழைக்குள் நடந்து வந்தவள், முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறாள். முன்னறிவிப்பில்லாமல் நிலையத்தைக் கைவிட்டதற்கு விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் போயிருந்தது. அவள் எழுதிய பதிலை மேற்பார்வை மிஸ் எனக்குக் காட்டினார். ஒரே வரி: அவசர நோயாளி ஒருவரால் சுணங்கிவிட்டது, வருந்துகிறேன்.

"இது காணாது" என்றார் மிஸ். "எங்கட டொக்டர் அம்மா திருப்பிக் கேப்பா. எந்த நோயாளி, ஏன் முதல் நாளே தெரியல்ல எண்டு. அவ வாயத் திறக்கிறா இல்ல."

எனக்குத் தெரியும் ஏன் என்று. விரிவாக எழுதினால் பதிவேட்டைக் கேட்பார்கள். பதிவேட்டைத் திறந்தால் என் வெற்றுக் கட்டம்.

அன்று மத்தியானம் வெளிச்சுற்றுக்குப் போகாமல் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். வைத்திய அதிகாரிக்கு, அவளுடைய தனிப்பட்ட ஆவணக் கோவையில் சேர்க்கும்படி. முதல் பிரதியில் "தன்னலமற்ற சேவை", "வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டுள்ளேன்" என்றெல்லாம் இருந்தது. மிஸ் வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"வடிவாக் கிடக்கு. ஆனா இதால அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. அவ என்ன செஞ்ச எண்டு இதில எங்க இருக்கு?"

அவர் சொன்னது எனக்குச் சுட்டது. அவள் துணி காயப்போட்டுக்கொண்டு கேட்டதும் அதையேதான். நான் நன்றி சொல்லும்போதும் என்னைக் காப்பாற்றிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது பிரதிக்கு அவளுடைய அப்பியாசக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு நாளில் அவள் போன வீடுகள், நடத்திய கிளினிக், பார்த்த சிசுக்கள், அனுப்பிய அறிக்கை. பிறகு அந்த வெள்ளிக்கிழமை: புறப்பட்ட நேரம், தண்ணீர், பிறசர், அல்புமின், உழவு மெசின். அதற்கு முன்னால் இப்படி எழுதினேன்: "இத்தாயை நான் கடைசியாகப் பார்த்தபோது இரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கவில்லை. தொலைபேசியில் பொறுப்புக் கொடுக்கும்போது அழுத்தம் சரியாக இருந்தது என்று தவறாகச் சொன்னேன். பதிவேட்டில் இருந்த குறையைக் கவனித்து, என் சொல்லை நம்பி இருந்துவிடாமல் அவர் போனதாலேயே இரண்டு உயிர்கள் தப்பின. அவர் தன் நிலையத்துக்குப் போக முடியாமல் போனதற்குக் காரணம் என் குறை."

அதை நேரே கொடுக்கவில்லை. அவளைப் பற்றிய கடிதம், அவள் பார்க்காமல் கொடுப்பது பிழை என்று பட்டது. மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். படியிலே நின்றபடி வாசித்தாள்.

"உங்களுக்கு என்ன விசரா? ரெண்டு பேரும் மாட்டுறதுக்கா?"

"நான் மட்டும்தான் மாட்டுவன். நீ வேணாமெண்டா குடுக்க மாட்டன். ஆனா நான் வேற கடிதம் எழுத மாட்டன்."

அவள் உள்ளே போய்ப் பேனையோடு வந்தாள். ஒரு இடத்தில் கோடு போட்டாள். தன் நிலையத்துக்கு அறிவிக்க வழியிருக்கவில்லை என்று நான் எழுதியிருந்தேன். "இது சரியில்ல. உழவு மெசினில ஏறக்குள்ளயே என்ட நிலையத்துத் தொண்டர் புள்ளைக்கு போன் அடிச்சன், சிக்னல் இல்ல. அம்புலன்சில இருந்து ஒருக்காத்தான் அடிச்சன், போகல்ல. பிறகு மறந்திட்டன். மறந்திட்டன் எண்டே போடுங்க."

"அது உனக்குத்தானே பிழையா வரும்."

"உங்கட பிழைய நீங்க எழுதுறீங்க. என்டய நான் மறைக்கிறதா?"

சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

மாதாந்தக் கூட்டத்தில் வைத்திய அதிகாரி, எங்கள் டொக்டர் அம்மா, அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். இரண்டு வருசத்துக்கு முன்பு நான் எழும்பி நின்ற அதே அறை, அதே ஆட்கள். தன்னிச்சையாக எழும்பினேன்.

"அதை நானே வாசிக்கட்டுமா, டொக்டர்?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு நீட்டினார். வாசித்தேன். என் பிழையின் இடம் வந்தபோது ஒரு சொல்லை விழுங்கிவிட்டேன். நிறுத்தி, தண்ணீர் குடிக்காமல், திரும்ப முதலிலிருந்து அந்த வரியை வாசித்தேன். பிறகு அவளுடைய பக்கம் திரும்பி, எழுதாத ஒன்றையும் சொன்னேன்: அந்த ஊசித் திகதியை அன்றைக்கு இந்த அறையில் சொன்ன விதம் பிழை என்று.   அவள் குனிந்து தன் பதிவேட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கடிதம் அவளுடைய கோவையில் சேர்க்கப்பட்டது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. மூன்று மாதம் என் பதிவேடுகளை மேற்பார்வை மிஸ் கிழமைக்கொரு தரம் பார்த்தார். இனி யார் லீவில் போனாலும், முடிந்தால் எழுத்தில், முடியாவிட்டால் போனில் ஒவ்வொரு தாயாகக் கேட்டு மற்றவர் எழுதிக்கொள்ள வேண்டும் என்றும், பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்வதற்கு யாரையும் குறை சொல்வதில்லை என்றும் டொக்டர் அம்மா சொன்னார். கடைசியாகச் சொன்னதை எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

அவள் தவறவிட்ட நிறை பார்க்கும் நாளை ஒரு சனிக்கிழமை திரும்ப வைத்தோம். முறைப்பாடு எழுதிய தாயின் வீட்டுக்கு முதல் நாளே நான் போய், அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். அவள் கதவில் சாய்ந்து கேட்டாள். "மழைக்குள்ள நடந்து வந்த கோவத்தில எழுதினன். ஆனா எனக்கு ஆரும் சொல்லியிருக்கலாமே" என்றாள். சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

அடுத்த கிழமை நாங்கள் இரண்டு பேரும் தாம்போதிக்கு அந்தப் பக்கம் போனோம். தண்ணி வடிந்து, தார் மேல் சேறு காய்ந்திருந்தது. ஆசுபத்திரியிலிருந்து வந்த அந்தப் பிள்ளை குழந்தையை நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். பிறசர் பார்த்தேன், சலம் சோதித்தேன், சொல்லி எழுதினேன். பிறகு அவளிடமும் சொன்னேன், போன முறை நான் பார்க்காமல் போனதை.

அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். நல்ல பிறவி, சத்தம் போடவில்லை. "இனி நீங்களா வருவீங்க, அந்த மிஸியா?" என்று மட்டும் கேட்டாள்.

"உங்களுக்கு ஆர் வரணும்?"

அவள் குழந்தையைத் தூக்கி என் சிநேகிதியின் கையில் கொடுத்தாள். சிநேகிதி என்று நான்தான் எழுதுகிறேன். அவள் அப்படிச் சொல்வாளோ தெரியாது. குழந்தையை வாங்கித் தராசுத் துணியில் வைத்துவிட்டு, "ரெண்டு இருநூறு" என்றாள், என் பக்கம் திரும்பாமலே. நான் எழுதிக்கொண்டேன்.